கோடு உடைந்தால் கைக்கு வரும் பங்கு

2024ஆம் ஆண்டு மே தொடங்கி ஜூலை முடியும் வரை இன்டெல் பங்கின் விலைப்படத்தைப் பார்த்தவர்கள் கண்ணில் தவறாமல் பட்டது ஒரே கோடு: 30 டாலர். ஆண்டு பிறந்தபோது 50 டாலரை ஒட்டி இருந்த பங்கு, ஏப்ரல் கடைசியில் வந்த காலாண்டு முடிவுகளுக்குப் பிறகு சரசரவென இறங்கி 30 பக்கம் வந்து நின்றது. அதன்பின் வாரக்கணக்கில் அந்த விலையைச் சுற்றியே உலாத்தியது. 30ஐ நெருங்கும்போதெல்லாம் வாங்க ஆள் வந்தார்கள். விலை மேலே திரும்பியது. ஜூலை நடுவில் 34 டாலரையும் தாண்டிப் போய், மாதக் கடைசியில் மறுபடியும் 31க்கு இறங்கி நின்றது.

இப்படி விலை இறங்கி இறங்கி ஒரே இடத்தில் தாங்கி நிற்பதைத்தான் சந்தைக்காரர்கள் சப்போர்ட் என்கிறார்கள். அதற்கு மாயமான காரணம் எதுவும் இல்லை. முன்பு 30க்கு வாங்கத் தவறியவர்கள் மறுமுறை அந்த விலை வந்தால் வாங்கக் காத்திருக்கிறார்கள். பங்கு குறையும் என்று எண்ணி முன்பே விற்றுவைத்தவர்கள் அங்கே லாபத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வாங்குகிறார்கள். 30 முழு எண் என்பதால் ஆர்டர்களும் அங்கேதான் குவிகின்றன. ஆக, சப்போர்ட் என்பது இதுவரை அந்த விலையில் பணம் வந்த தடம். அடுத்த முறையும் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த ஜூலை கடைசியில் இன்டெல்லை வாங்க விரும்பிய ஒருவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. 30க்கு வந்தால் வாங்கிக்கொள் என்று புரோக்கரிடம் ஓர் ஆர்டரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஒன்று. அதே 30ஐ ஸ்டிரைக் விலையாக வைத்து ஒரு புட் ஆப்ஷனை எழுதி விற்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. அமெரிக்கச் சிறு முதலீட்டாளர்களிடையே மிகவும் புழக்கத்தில் உள்ள முறை இது. எளிதாகத் தெரிவதாலேயே பலரும் அதன் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

எழுதுபவர் கொடுக்கும் வாக்கு

புட் ஆப்ஷனை வாங்குபவருக்கு, குறித்த தேதிக்குள் குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை கிடைக்கிறது. கையில் இன்டெல் வைத்திருப்பவருக்கு அது ஒரு காப்பீடு. சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும் அவர் 30 டாலருக்கு விற்றுவிடலாம். அந்தக் காப்பீட்டை எழுதிக் கொடுப்பவர்தான் நம் ஆள். அவர் ஒரு தொகையைப் பிரீமியமாக வாங்கிக்கொள்கிறார். பதிலுக்கு, கேட்கும்போது 30 டாலருக்குப் பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தம் வழக்கமாக 100 பங்குகளுக்கு. அப்படியானால் அவருடைய வாக்கின் அளவு 3,000 டாலர்.

அந்த 3,000 டாலரை முழுதாகக் கணக்கில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுதினால் அதுதான் பணம் கட்டிவைத்த புட், சந்தை வழக்கில் கேஷ் செக்யூர்ட் புட். ஒப்பந்தம் முடியும் வரை அந்தப் பணத்தை வேறெதற்கும் தொட புரோக்கர் விடமாட்டார். மார்ஜின் கணக்கில் இதைவிடக் குறைந்த பணத்திலேயே அதே புட்டை எழுத முடியும். ஆனால் விலை சரியும்போது மேலும் பணம் கட்டு என்று புரோக்கர் கேட்பார்; கட்டாவிட்டால் மோசமான நேரத்தில் அவரே நிலையை முடித்துவிடுவார். முழுப் பணம் வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை மட்டும் இல்லை. பங்கு விழுவதால் வரும் நட்டம் இருவருக்கும் ஒன்றுதான். "பணம் கட்டியிருக்கிறேன், அதனால் பாதுகாப்பு" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாதுகாப்பு, வாக்குக் கொடுக்கப்பட்டவருக்கும் புரோக்கருக்கும் உரியது. எழுதியவருக்கு உரியதல்ல.

கணக்கு புரிவதற்காக ஒரு பிரீமியத்தை வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 16 அன்று முடியும் 30 டாலர் புட்டைப் பங்குக்கு ஒரு டாலர் என்று நம் ஆள் எழுதினார் என்று கொள்வோம். 100 பங்குக்கு 100 டாலர் அன்றே கணக்கில் வரவாகிறது. பங்கு அவர் தலையில் விழுந்தால் 30 கொடுத்து வாங்கவேண்டும். ஏற்கெனவே ஒன்று வாங்கியிருப்பதால் அவருடைய உண்மையான வாங்கும் விலை 29. விலை 29க்குக் கீழே போனால்தான் நட்டம்.

மூன்று வாரத்தில் 3,000 டாலருக்கு 100 டாலர் என்றால் 3.3 சதவீதம். இதை ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் 57 சதவீதத்தைத் தாண்டும். ஆப்ஷன் திரைகள் பல, இப்படி ஆண்டுக் கணக்கில் பெருக்கிய எண்ணைப் பளிச்சென்று காட்டும். அன்றைக்கு அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே 3,000 டாலர் அங்கே மூன்று வாரத்தில் ஏறத்தாழ 9 டாலர் ஈட்டியிருக்கும். 9 டாலர் கிடைக்கவேண்டிய இடத்தில் ஒருவர் 100 டாலர் தருகிறார் என்றால், மீதி 91 எதற்கு என்று கேட்கவேண்டும். இன்டெல் விஷயத்தில் பதில் காலண்டரிலேயே இருந்தது. காலாண்டு முடிவுகள் ஆகஸ்ட் 1 அன்று, சந்தை மூடிய பிறகு வர இருந்தன. ஆகஸ்ட் 16 ஒப்பந்தம் அந்த நாளைக் கடந்து நின்றது. முடிவு வரும் நாளை உள்ளடக்கிய ஆப்ஷன்களின் பிரீமியம் அந்த நாளுக்காகவே ஊதியிருக்கும். வாங்குபவர்கள் பயந்து கொடுக்கும் பணம் அது.

மூன்று வகை முடிவுகள்

ஆகஸ்ட் 16 அன்று இன்டெல் 30க்கு மேலே முடிந்திருந்தால் புட்டுக்கு மதிப்பில்லை. காலாவதியாகிவிடும். 100 டாலர் நம் ஆளுக்கு, ஒதுக்கிய 3,000 டாலரும் விடுதலை. பங்கு 35க்குப் போயிருந்தாலும் 40க்குப் போயிருந்தாலும் அவருக்கு அதே 100தான். 30 பக்கத்தில் ஆர்டர் போட்டு வாங்கியவருக்கு ஜூலை ஏற்றத்தில் பங்குக்கு நாலு டாலருக்கு மேல் கிடைத்தது. அதே நேரத்தில் புட் எழுதியவருக்குப் பிரீமியம் மட்டும் மிஞ்சியது. சப்போர்ட் அழகாகத் தாங்கும்போது அதன் பலனை அனுபவிப்பது பங்கு வைத்திருப்பவர்.

விலை 30க்குக் கொஞ்சம் கீழே, 29.60 என்று முடிந்திருந்தால் பங்கு வந்து சேர்ந்திருக்கும். 29 அடக்க விலை, சந்தையில் 29.60. இதற்காகத்தான் பலரும் இந்த முறையை விரும்புகிறார்கள். விரும்பிய பங்கு, விரும்பிய விலையைவிடக் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது.

மூன்றாவது வகையில்தான் இந்த முறையின் குணமே இருக்கிறது. புட் எழுதியவருக்குப் பங்கு எப்போது வருகிறது? விலை ஸ்டிரைக்குக்குக் கீழே போனால். ஸ்டிரைக்கை எங்கே வைத்தோம்? சப்போர்ட் கோட்டில். அப்படியானால் கோடு தாங்கினால் பங்கு வராது. கோடு உடைந்தால் வரும். 30ல் தாங்கும் என்ற காரணத்தைச் சொல்லித்தான் அந்த ஸ்டிரைக்கைத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் காரணம் பொய்த்துப்போன நாளில்தான் 100 பங்குகள் கணக்கில் வந்து உட்காருகின்றன. ஆகவே பங்கை வைத்துக்கொள்ள விலைப்படம் ஒருபோதும் காரணமாக இருக்கமுடியாது. அந்த நிறுவனம் 30 டாலர் பெறும் என்று நம்ப அவரிடம் வேறு காரணம் இருக்கவேண்டும்: லாபம், கடன், பணவரவு, போட்டியாளர்களிடம் அது இழந்துகொண்டிருக்கும் இடம். அது இல்லாவிட்டால், பங்கு கைக்கு வந்த மறுநாள் காலையில் விற்பதா வைப்பதா என்று முடிவெடுக்க அவரிடம் எதுவுமே இருக்காது.

ஆகஸ்ட் 1 மாலை

அன்று பகலிலேயே இன்டெல் கோட்டை லேசாக உடைத்து 29.05ல் முடிந்தது. மாலை வந்த அறிக்கையில் அந்தக் காலாண்டுக்கு 160 கோடி டாலர் நிகர நட்டம் என்று இருந்தது. ஊழியர்களில் 15 சதவீதத்துக்கு மேல் குறைக்கப்போவதாகவும், ஆண்டின் நான்காவது காலாண்டிலிருந்து டிவிடெண்டை நிறுத்தப்போவதாகவும் நிறுவனம் அறிவித்தது. மறுநாள் ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. பங்கு 21.48ல் முடிந்தது. ஒரே நாளில் 26 சதவீதச் சரிவு. 1974க்குப் பிறகு அந்தப் பங்கு கண்ட மிக மோசமான நாள் அதுதான்.

இங்கே கூர்ந்து பார்க்கவேண்டியது, விலை 29லிருந்து 21க்குப் படிப்படியாக இறங்கவில்லை என்பதுதான். இரவில் குதித்தது. சப்போர்ட் உடைந்ததும் 28.50ல் வெளியே வந்துவிடுவேன் என்று திட்டம் போட்டிருந்தவருக்கு 28.50 என்ற விலையே கிடைக்கவில்லை. காலையில் சந்தை திறந்தபோது அது எங்கோ மேலே விடுபட்டுப் போயிருந்தது. விலைப்படத்தில் அந்த இடம் வெறும் இடைவெளியாகத் தெரியும். சப்போர்ட் கோடு என்பது வாங்குபவர்கள் ஏற்கெனவே அறிந்த செய்திகளை வைத்துக்கொண்டு கொடுத்த விலை. நிறுவனம் புதிய செய்தியைச் சொன்னதும் அந்தப் பழைய விலைக்கு யாரையும் அது கட்டுப்படுத்தாது.

ஸ்டிரைக்கைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, 29ல் அல்லது 28ல் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். சாதாரண நாட்களில் அது நல்ல பழக்கம். சப்போர்ட் என்பது பென்சிலால் போட்ட ஒற்றைக் கோடாக இருப்பதில்லை. ஒரு டாலர், ஒன்றரை டாலர் அகலமுள்ள பட்டையாக இருக்கும். விலை அதைக் குத்திவிட்டுத் திரும்புவது சகஜம். பட்டையின் அடியில் ஸ்டிரைக்கை வைத்தால் அந்தக் குத்தல்களிலிருந்து தப்பலாம். பிரீமியம் குறையும், அவ்வளவுதான். ஆனால் ஆகஸ்ட் 2 போன்ற நாளில் 28 என்ன, 25 ஸ்டிரைக்கும் தப்பவில்லை. அன்றைக்குக் காப்பாற்றியிருக்கக்கூடியவை இரண்டே. ஒன்று, முடிவு வரும் தேதிக்கு முன்பே முடியும் ஒப்பந்தத்தை எழுதியிருப்பது. ஜூலை 26 வாராந்திர ஒப்பந்தம் எந்த வம்பும் இல்லாமல் முடிந்துபோனது. இன்னொன்று, அளவு. மொத்தச் சேமிப்பு 60,000 டாலராக இருந்து ஒரே ஒரு புட் எழுதியவருக்கு 752 டாலர் நட்டம் வலிக்கும், ஆனால் தாங்கும். அதே சேமிப்பில் இருபது புட் எழுதியவருக்கு ஒரே இரவில் கால் பங்கு போய்விட்டது.

அந்த 752 எப்படி வந்தது? அடக்கம் 29, சந்தை 21.48, வித்தியாசம் 7.52, நூறு பங்குக்கு 752. ஒரு தடவைக்கு 100 டாலர் பிரீமியம் என்றால், இதைச் சரிக்கட்ட ஏழெட்டுத் தடவை எந்தத் தவறும் நடக்காமல் எழுதி முடிக்கவேண்டும்.

பங்கு கணக்கில் வரும் விதம்

ஆகஸ்ட் 2 மாலை நம் ஆளின் புட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முடிய இரண்டு வாரம் பாக்கி. அதன் விலை இப்போது எட்டரை டாலர் பக்கம். 30க்கும் 21.48க்கும் உள்ள வித்தியாசம் 8.52, அதற்கு மேல் நேரத்துக்கான மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. திரும்ப வாங்கி முடித்துக்கொள்ளலாம். ஒரு டாலருக்கு விற்றதை எட்டரைக்கு வாங்கவேண்டும். அல்லது இதை வாங்கி முடித்துவிட்டு, தள்ளியிருக்கும் மாதத்தில் அதே 30 புட்டை எழுதி நாளைத் தள்ளிப்போடலாம். இவ்வளவு ஆழமாக விழுந்த புட்டில் அதற்குக் கிடைக்கும் கூடுதல் பணம் சில்லறைதான்; கையில் இருக்கும் நட்டத்துக்கு வேறு தேதி கிடைக்கிறது. அல்லது சும்மா இருந்து, பங்கை வாங்கிக்கொள்ளலாம்.

சும்மா இருப்பவர் ஆகஸ்ட் 16 வரை அவகாசம் இருப்பதாக நம்பக்கூடாது. அமெரிக்காவில் பங்கு ஆப்ஷன்களை முடியும் நாளுக்கு முன் எந்த நாளும் செயல்படுத்தலாம். நேர மதிப்பு கரைந்துபோன புட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பதில் லாபம் இல்லை. இன்றே பங்கைக் கொடுத்து 3,000 டாலரை வாங்கினால் அதற்கு வட்டி வரும். அவர் செயல்படுத்தியதும், ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் என்ற தீர்வு நிறுவனம் அதே புட்டை எழுதியிருக்கும் புரோக்கர்களில் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அந்தப் புரோக்கர் தன் வாடிக்கையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். இதுதான் அசைன்மென்ட். யார் செயல்படுத்தினார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. எல்லாம் இரவில் நடக்கும். முந்தைய நாள் மாலை திரையில் இப்படி ஒரு வரி இருந்திருக்கும்:

```
INTC  AUG 16 2024  30 PUT   -1
```

காலையில் அது போய்விட்டு வேறொரு வரி வந்திருக்கும்:

```
INTC   +100
```

ரொக்க இருப்பில் 3,000 குறைந்திருக்கும். புரோக்கரிடமிருந்து ஓர் அறிவிப்பு மின்னஞ்சல் வந்திருக்கலாம். மறுக்கவோ, அவகாசம் கேட்கவோ பொத்தான் எதுவும் இருக்காது. 2024 மே 28 முதல் அமெரிக்கப் பங்குகள் ஒரே வேலை நாளில் கைமாறுகின்றன. ஆகையால் பணமும் உடனே போய்விடும்.

யாரும் முன்கூட்டியே கேட்காவிட்டால் ஆகஸ்ட் 16 அன்று தானாகவே நடக்கும். முடியும் நாளில் ஸ்டிரைக்கைவிட ஒரு சென்ட் கீழே முடிந்தாலும் புட் தானாகச் செயல்படும் என்பது அங்குள்ள விதி. அன்று இன்டெல் 22 டாலருக்கும் கீழே இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் வேறு நாட்களில் ஒரு நுணுக்கத்தை நினைவில் வைக்கவேண்டும். சந்தை மாலை நான்கு மணிக்கு மூடுகிறது. வைத்திருப்பவர் செயல்படுத்தச் சொல்ல ஐந்தரை வரை நேரம் உண்டு. பங்கு 30.05ல் முடிந்து, நாலரை மணிக்குக் கெட்ட செய்தி வந்து, வெளிநேர வணிகத்தில் 28க்குப் போனால், பிழைத்தேன் என்று நினைத்து எழுந்துபோனவருக்குத் திங்கட்கிழமை 100 பங்கு காத்திருக்கும். மிச்சமிருக்கும் ஐந்து சென்ட்டைக் கொடுத்து, முடியும் நாளில் புட்டைத் திரும்ப வாங்கிவிடுவது இதனால்தான் நல்லது என்பேன்.

வந்த பங்கை என்ன செய்வது

இந்த முறையைக் கற்றுக்கொடுப்பவர்கள் அடுத்து ஒரு படியைச் சொல்வார்கள். பங்கு வந்துவிட்டதா, அதன் மேல் கால் ஆப்ஷனை எழுது. பிரீமியம் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் பங்கு மேலே போகும்போது விற்றுவிடு. கால் என்பது புட்டுக்கு எதிர்ப்பக்கம்: குறித்த விலையில் பங்கை விற்கிறேன் என்ற வாக்கு. 29.60ல் பங்கு வந்திருந்தால் இது சுலபம். 30 அல்லது 31 ஸ்டிரைக் காலுக்கு உருப்படியான பிரீமியம் கிடைக்கும். பங்கு போனாலும் லாபத்தில் போகும்.

21 டாலரில் நிற்கும் பங்கில் கதை வேறு. அடக்க விலையான 29ஐ ஒட்டி ஒரு மாதக் கால் எழுதினால் யாரும் பணம் தரமாட்டார்கள். அவ்வளவு தூரம் ஏறும் என்று நம்ப ஆள் இல்லை. பணம் வேண்டுமானால் சந்தை விலைக்கு அருகில் எழுதவேண்டும். அங்கேதான் வலை இருக்கிறது. செப்டம்பர் முதல் வாரங்களில் இன்டெல் இன்னும் இறங்கி 19 டாலருக்கு வந்தது. மனம் வெறுத்து அப்போது 20 ஸ்டிரைக் கால் எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். மாதக் கடைசிக்குள் பங்கு 23ஐத் தாண்டிவிட்டது. அவர்களுடைய பங்கு 20க்குப் போயிருக்கும். 29 அடக்கம், 20 விற்பனை; நடுவில் கிடைத்த பிரீமியம் எவ்வளவாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தை மூடாது. விழும்போது முழுமையாக விழுந்து, எழும்போது கையை விட்டுவிடும் அமைப்பு இது. அடக்க விலைக்குக் கீழே கால் எழுதுவது, அந்த விலையில் பங்கை விற்க நான் இப்போதே சம்மதம் என்று சொல்வதுதான். சம்மதம் என்றால் இன்றே விற்பதையும் அதனோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

உடைந்த சப்போர்ட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. 30ல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும், முதல் திரும்பக் கிடைத்தால் போதும் என்று அதே 30ல் விற்கக் காத்திருப்பார்கள். முன்பு தாங்கிய விலை இப்போது தடுக்கும் விலையாகிறது. நம் ஆளும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

ஆகையால் பங்கு வந்த காலையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையில் இருப்பது இன்டெல் அல்ல, 2,148 டாலர் ரொக்கம் என்று வைத்துக்கொண்டால், இந்த அறிக்கையைப் படித்த பிறகு, அந்தப் பணத்துக்கு இன்டெல் வாங்குவேனா? ஆம் என்றால் வைத்துக்கொள்ளலாம். கால் எழுதுவதா வேண்டாமா என்பது அடுத்த பேச்சு. இல்லை என்றால் 29 என்ற எண் வரிக்கணக்குக்கு மட்டுமே பயன்படும்.

நம் சந்தையில்

இந்தியாவில் இருப்பவர்கள் இதை அப்படியே அமெரிக்கச் சந்தையில் செய்துபார்க்க முடியாது. தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் தொகை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. உள்ளூரில், என்எஸ்இயில் பங்கு ஆப்ஷன்கள் இருக்கின்றன. அங்கே விதிகள் மாறும்.

இங்கே முன்கூட்டிச் செயல்படுத்தும் உரிமை கிடையாது. ஒப்பந்தம் முடியும் நாளில் மட்டுமே. அது இப்போது மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நடுராத்திரியில் பங்கு வந்து விழும் பயம் இல்லை. ஆனால் 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் உண்மையான பங்குக் கைமாற்றத்திலேயே முடிகின்றன. அதற்கு முன் வித்தியாசத்தைப் பணமாகக் கட்டினால் போதும் என்றிருந்த பழக்கம் பலருக்கு இன்னும் மனதில் தங்கியிருக்கிறது.

பெரிய வேறுபாடு அளவில். அங்கே 100 பங்கு. இங்கே லாட் மிகப் பெரியது. லாட்டுக்கு 750 பங்கு, ஸ்டிரைக் 800 ரூபாய் என்றால், புட் எழுதியவர் வாக்குக் கொடுத்திருப்பது 6 லட்சம் ரூபாய்க்கு. எழுதும்போது புரோக்கர் பிடித்துவைக்கும் மார்ஜின் அதில் ஒரு பகுதிதான். அதைப் பார்த்துவிட்டு ஒன்றரை லட்சம் வைத்துக்கொண்டு ஒரு லாட் எழுதுபவர், பணம் கட்டிவைத்த புட் எழுதவில்லை. கடன் வாக்கு எழுதுகிறார். சப்போர்ட் உடைந்து, ஒப்பந்தம் முடியும் வாரம் வந்ததும், முழுத் தொகைக்கு வழி என்ன என்று புரோக்கர் கேட்பார். பணம் இல்லையென்றால் அவரே அன்றைய விலையில் நிலையை முடித்துவிடுவார். ஒரு பங்கில் 6 லட்சம் போடுவது தன் சேமிப்புக்கு அதிகம் என்று நினைப்பவருக்கு இந்த முறை இந்தியாவில் பொருந்தாது. விரும்பிய விலையில் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று நேரடியாக வாங்க ஆர்டர் போடுவதே அவருக்குச் சரி. அதை எந்த நிமிடமும் ரத்துசெய்யலாம்.

பதின்மூன்று மாதம்

இன்டெல்லைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது? 2025 ஏப்ரலில்கூடப் பங்கு 20 டாலருக்குக் கீழே போனது. ஆகஸ்டில் அமெரிக்க அரசு, பங்கு 20.47 டாலர் விலையில், நிறுவனத்தின் ஏறத்தாழ 10 சதவீதத்தை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. செப்டம்பர் 18 அன்று, என்விடியா 500 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்ற செய்தி வந்தது; அதுவும் பங்குக்கு 23.28 டாலர் விலையில்தான். அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 23 சதவீதம் ஏறி 30.57ல் முடிந்தது இன்டெல். உடைந்தபோது எப்படி ஒரே இரவில் உடைந்ததோ, அப்படியே ஒரே நாளில் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. அந்த ஏற்றத்தையும் எந்த விலைப்படமும் முன்னால் காட்டவில்லை.

29 அடக்கத்தில் பங்கை வாங்கி, அதன் மேல் எதுவும் எழுதாமல் பதின்மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தவர் அன்றுதான் லாபத்துக்கு வந்தார்: பங்குக்கு ஒன்றரை டாலர். டிவிடெண்ட் நின்றுபோன காலம் அது. முதல் நாளிலிருந்து அரசுக் கடன் பத்திரத்தில் கிடந்திருந்தால் அந்த 3,000 டாலர் ஏறத்தாழ அதே அளவு வட்டியை, தூக்கம் கெடாமல், ஈட்டியிருக்கும். 24 ஸ்டிரைக்கிலும் 25 ஸ்டிரைக்கிலும் கால் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அன்று காலைத் திரையில் 30 டாலர் தெரிந்தது. அவர்கள் விற்கவேண்டிய விலை மாறவில்லை.